வழிப்போக்கனுக்குப் பின்னால்

கடையில் அவளுக்குப் பெயர் ரப்பர்.

வைத்தவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு புதுமண ஜோடியின் கடற்கரைப் படத்திலிருந்து பதினேழு பேரையும் ஒரு நாயையும் தடம் தெரியாமல் நீக்கிக் காட்டினாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, நீ பொண்ணா, ரப்பரா?" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது.

கண்ணாடிக் கதவைத் திறந்தால் கவுன்ட்டர். அதற்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு வெள்ளைத் திரை, முக்காலி, சுவரில் சீப்பு தொங்கும் ஒரு கண்ணாடி. பின்னறையில் பெரிய பிரிண்டர். மாடிப்படிக்கு அடியில், தலை நிமிர்ந்தால் இடிக்கும் இடத்தில், அவளுடைய மேசை. அங்கே சுவருக்குச் சாம்பல் நிறம்தான். பச்சையோ மஞ்சளோ அடித்தால் அது கண்ணில் ஏறி, திரையில் தெரியும் நிறத்தைக் கெடுத்துவிடும். காலை பத்து மணிக்கு அந்தச் சாம்பலுக்குள் போய் உட்கார்ந்தால், அடுத்தவர்கள் போய்வந்த கடலும் மலையும் ஒவ்வொன்றாக அவளிடம் வரும். அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனால் எத்தனையோ ஊர்களின் கல்லும் மண்ணும் அவளுக்குக் கைப்பழக்கம். ஒரு நதியின் நிறத்தைப் பார்த்தே அங்கே மழை பெய்து எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லிவிடுவாள்.

வேலை தெருவிலும் அவளை விடாது. எதிரே வருகிற ஆளைப் பார்த்தால், இவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று மனம் பாட்டுக்கு நிரப்பத் தொடங்கும். குடை பிடித்த பெண் நகர்ந்தால் பாதிச் சுவர், பால்காரர் நகர்ந்தால் கதவின் கீழ்ப்பாதி, ஒரு பூனை.

"இவகூடக் கடைக்குப் போனா தனியாப் போற மாதிரிதான்," என்பாள் அண்ணி. "வர்றவங்க போறவங்கள எல்லாம் அழிச்சுக்கிட்டே வர்றா. ஒரு நாள் என்னையும் அழிச்சுடுவா பாருங்க."

"உங்கள அழிச்சா அப்புறம் நான் நிறைய வரையணும் அண்ணி. அவ்ளோ பொறுமை எனக்கு இல்ல."

அண்ணன் சிரித்து, சிரித்ததற்காக அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த வீட்டில் ஜன்னலோர அறை அவளுடையது. கல்யாணப் பேச்சு வரும், போகும். வந்த சுவடும் தெரியாது, போன சுவடும் தெரியாது.

ஒரு தடவை, யாரோ ஒரு குடும்பம் மணிக்கூண்டின் முன்னால் எடுத்த படம் வந்தது. பின்னால் போகிற பெண்ணை எடுத்துவிட வேண்டுமாம். பெரிதாக்கிப் பார்த்தாள். அவளேதான். தோளில் பை, கையில் தக்காளிப் பொட்டலம், எங்கோ பார்த்த பார்வை. நான் நடக்கும்போது இவ்வளவு நிம்மதியாகவா இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னைச் சுற்றிக் கோடு போட்டுத் தன்னை அழித்தாள். நிழலோடு சேர்த்து நான்கு நிமிஷம் ஆனது. யாரிடமும் சொல்லவில்லை.

தையல்கார அம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அறுபது தாண்டியிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்துவிட்டார். கைக்குட்டைக்குள் கைக்குட்டையாகச் சுற்றி வைத்திருந்த பென்டிரைவை எடுத்து கவுன்ட்டரில் வைத்தார்.

"இதுல ஒரே ஒரு படம்தான் இருக்கு. நானும் அவரும் எடுத்தது. ஒன்பது வருஷம் முன்னாடி. அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

முதலாளி படத்தைத் திறந்தார். கடலோர நடைபாதை. பின்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்கும் பின்னால் தண்ணீர். சாயங்காலச் சூரியன் அவர்களுக்குப் பின்பக்கம், சற்றே இடதுபுறம். இரண்டு பேர் சற்று இடைவெளி விட்டு நிற்கிறார்கள்: இடது பக்கம் கணவர், வலது பக்கம் இந்த அம்மா. இரண்டு பேருக்கும் நட்டநடுவே, இரண்டு எட்டு முன்னால், ஒருவன் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறான். ஒரு கை காதில் போனோடு, இன்னொரு கை பாக்கெட்டில். தம்பதியின் முகம் தப்பித்தது. நடுவில் இருக்கிற இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே அவன் முழுசாக மறைத்துவிட்டான்.

"நல்ல நேரம் பாத்து வந்திருக்கான் மகராசன்," என்றார் முதலாளி.

"அவன எடுத்துட்டா பின்னாடி இருக்கறது தெரியும்தானே?"

"எல்லாம் தெரியும்மா. நம்ம ரப்பர் கை வச்சா அவன் பொறந்ததே இல்லேன்னு ஆயிடும்."

"அவன் போனா சரி. பின்னாடி தெரியணும். அதான் முக்கியம்."

மாடிப்படிக்கு அடியில் அவள் நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டாள். எழுந்து வருவதற்குள் அந்த அம்மா தெருவில் இறங்கியிருந்தார்.

"அண்ணே, பின்னாடி ஒண்ணும் தெரியாதுண்ணே. கேமரா பாக்காதத நான் எங்கேருந்து எடுத்துத் தர்றது?" என்றாள் முதலாளியிடம்.

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? ஆளு போயிட்டா சந்தோஷப்படுவாங்க. நீ வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். மூலப்படத்தைத் தொடுவதில்லை என்பது அவள் வழக்கம். எல்லாம் மேலே, கண்ணாடித் தாள் போட்டு வரைவது போல, தனித்தனி லேயரில்தான். வழிப்போக்கனைச் சுற்றி, கொஞ்சம் தளர்வாக, உடம்போடு ஒட்டாமல் கோடு போட்டாள். காலடியிலிருந்து முன்னால் சாய்ந்து நீண்ட அவன் நிழலையும் சேர்த்துக்கொண்டாள். ஆள் போய் நிழல் நின்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. நிழலின் ஓரத்தில் பை போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் வளைத்தாள். பிறகு கன்டென்ட் அவேர் ஃபில்.

அழித்த இடத்தை நிரப்ப அது படத்தின் மற்ற இடங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். எங்கிருந்து எடுக்கலாம் என்பதைப் பச்சை பூசிக் காட்டும். பச்சை தம்பதியின் மேலும் படர்ந்திருந்தது. அப்படியே விட்டால் தடுப்புக் கம்பியில் அந்த அம்மாவின் சால்வை முளைக்கும், தண்ணீரில் கணவரின் சட்டைப் பொத்தான் மிதக்கும். பிரஷ்ஷால் இருவரின் மேலிருந்தும் பச்சையைத் துடைத்தெடுத்தாள். கடலும் கம்பியும் கல்லும் மட்டும் மிஞ்சின. சரி என்று அழுத்தினாள்.

அவன் போய்விட்டான். கடல் வந்து நின்றது. இந்த ஒரு கணம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். யாரோ ஓசையில்லாமல் எழுந்து போன அறை மாதிரி இருக்கும்.

இயந்திரம் செய்ததில் குறை இல்லாமல் இல்லை. கம்பி ஓரிடத்தில் வளைந்திருந்தது. தரையில் ஒரே விரிசல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தது. ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்பை எடுத்தாள். ஆல்ட் கீயை அழுத்தி நல்ல கம்பியின் விளிம்பில் மூலத்தைக் குறித்து, வளைந்த கம்பியின் விளிம்பில் சரியாக வைத்துத் தேய்த்தாள். விரிசல் ஒன்றின் மேல் வேறொரு கல்லைக் கொண்டுவந்து போட்டாள். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் கண் கண்டுபிடித்துவிடும் என்பதால், கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே.

எல்லாம் நேரானது. ஆனால் இரண்டு பேருடைய கைகளும் முழங்கையோடு நின்றன. அதற்குக் கீழே கடல்.

மறுநாள் அந்த அம்மா வந்தபோது அவளே திரையைக் காட்டினாள்.

"கை எங்க?"

"அம்மா, அந்த ஆள் மறைச்ச இடத்த கேமரா பாக்கவே இல்ல. அவனுக்குப் பின்னாடின்னு படத்துல எதுவுமே கிடையாது. நான் கடலையும் கம்பியையும் பக்கத்துலேருந்து எடுத்துப் போட்டிருக்கேன். கைக்கு அந்த மாதிரி எடுக்க முடியாது."

"அப்போ இத்தனை வருஷமா நான் நெனச்சது..." அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அன்னிக்குக் காலைலேருந்து சண்டை. நாங்க ஊர் சுத்தப் போனதே ஒரே தடவை, அதுலயும் சண்டை. பையைத் தூக்கிக்கிட்டு நான் நடக்கறேன், அவர் கைய வீசிக்கிட்டு ராஜா மாதிரி முன்னாடி போறார். கேட்டுட்டேன். முப்பது வருஷத்துல ஒரு பையாவது தூக்கினீங்களான்னு. அதுலேருந்து பேச்சு இல்ல. ஒரு சின்னப் பொண்ணு, யாரோ, நான் படம் எடுத்துத் தரட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு சொன்னா அந்தப் பொண்ணு மொகம் வாடிப்போயிடும்னு போய் நின்னோம்."

"அப்புறம்?"

"அப்போ என் விரல்ல ஏதோ பட்டுச்சு. அவர் கை. புடிச்சாருன்னுதான் இத்தனை நாளா. அவர் அப்படியெல்லாம் புடிக்கிற ஆளு கிடையாது, அதான் மறக்கல. இப்போ ராத்திரி படுத்தா சந்தேகம் வருது. பட்டுச்சா, நானா நெனச்சுக்கிட்டேனா? கேக்கறதுக்கு அவரும் இல்ல. இந்தப் படத்துலதான் இருக்கும்னு நெனச்சேன்."

முதலாளி கவுன்ட்டரிலிருந்து தொண்டையைச் செருமினார். "ஒரு நாள் டைம் குடுங்கம்மா. ரப்பர் பாத்துச் சொல்லும்."

அந்த அம்மா போனதும் அவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து வந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கை கோத்த மாதிரி ஒரு படம் தேடி எடு, நடுவுல ஒட்டு. கிடைச்சுதும்மான்னு சொல்லு. வயசானவங்க நிம்மதியாத் தூங்குவாங்க."

"பொய்யில்லையா?"

"நீ பன்னெண்டு வருஷமாப் பண்றது என்ன, சத்தியப்பிரமாணமா?"

உண்மைதான். இல்லாத கடல், இல்லாத கல், எத்தனை போட்டிருக்கிறாள். ஆனால் அங்கெல்லாம் யாரும் எதையும் தேடி வந்ததில்லை.

அன்று மத்தியானம் கடைக்கு யாரும் வரவில்லை. விசிறி சுற்றுகிற சத்தம் கடல் மாதிரி இருந்தது. அவள் செய்துதான் பார்த்தாள். கோத்த கைகள் கிடைத்தன. நிறத்தைக் கருக்கி, அளவைக் குறைத்து நடுவில் வைத்தாள். பொருந்தியது. பொருந்தியதைப் பார்க்க அவளுக்கே நெஞ்சு நிறைந்தது. திரைக்குள் அந்த இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். நாளை அந்த அம்மா இதைப் பார்த்து என்ன செய்வார் என்று நினைத்தாள். அழுவார். நன்றி சொல்வார். சுவரில் மாட்டி, தினமும் பார்த்து, அந்நியர் இருவருடைய விரல்களைத் தங்களுடையவை என்று நம்புவார்.

கை கோத்தால் நிழலும் கோக்க வேண்டும். சூரியன் பின்னால் இருப்பதால் இருவருடைய நிழலும் நீளமாக முன்னால் விழுந்திருந்தது. பழைய நிழல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள, மேல் லேயர்களின் கண் அடையாளத்தை ஒவ்வொன்றாக அழுத்தி மறைத்தாள். கோத்த கைகள் போயின. கடல் போனது. வழிப்போக்கன் பழையபடி வந்து, காதில் போனோடு நின்றான்.

ஒரு கை காதில். ஒரு கை பாக்கெட்டில்.

அவள் விரல் மவுஸின் மேல் நின்றது. இவன் தோளிலும் ஒன்றுமில்லை. கையிலும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் நிழலில் தொங்கும் அந்தப் பை யாருடையது?

பெரிதாக்கினாள். வழிப்போக்கனின் நிழலும் கணவரின் நிழலும் ஓரத்தில் உரசிக்கொண்டு கிடந்ததால், இரண்டையும் ஒரே நிழல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். உரசும் இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் பை. கணவருடைய நிழலின் தோளிலிருந்து இறங்கிவந்த கையின் முனையில் அது தொங்கியது. வழிப்போக்கனின் நிழலைத் தாண்டி ஒரு சாண் வெயில். பிறகு, நேரே தொங்கவிட்ட, ஒன்றும் பிடிக்காத, அந்த அம்மாவின் கையின் நிழல்.

நேற்று அதை அவள்தான் வளைத்து எடுத்து, மேலே கல்லைப் பரப்பியிருந்தாள்.

அவசரப்படாமல் கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். மேகத்தில் யானை பார்க்கிற கதையாகிவிடக் கூடாது. பையின் வாய், தூக்கிப் பிடிக்கும் இரண்டு காதுகள், அடியில் ஒரு பக்கம் புடைப்பு. மேகமில்லை.

"அண்ணே, கை கோக்கலண்ணே," என்றாள்.

"யாரு?" என்றார் முதலாளி, பாதித் தூக்கத்தில்.

அடுத்த நாள் அந்த அம்மா வந்ததும், அவள் முக்காலியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். எதையும் சேர்க்காத மூலப்படத்தைத் திறந்து, கீழே தரையை மட்டும் பெரிதாக்கினாள்.

"அம்மா, முதல்லயே சொல்லிடறேன். அவர் உங்க கையப் புடிக்கல. நிழல்ல தெரியுது. உங்க கை தனியா இருக்கு, நடுவுல வெயில் இருக்கு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். எதிர்பார்த்து வந்தவர் மாதிரிதான் ஆட்டினார். ஆனால் உதடு கோணிக்கொண்டது.

"அவர் கையில என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நான் நெனச்சது ஆயிடும்."

அந்த அம்மா குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். விரலைத் திரைக்கு அருகே கொண்டுபோய், தொடாமல், அந்த நிழலின் ஓரத்தைத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுவது போல வரைந்தார். ஒரு காது. இன்னொரு காது.

"ஒரு காது குட்டையா இருக்கு," என்றார். "துணி பத்தல. ஒட்டுப் போட்டுத் தச்சேன்." விரலால் அதை மறுபடி வரைந்தார். "இது என் பை."

"அது அவர் கையில இருக்கும்மா."

"என் கையிலதான் இருந்துச்சு. படத்துக்கு நிக்கும்போது..." அந்த அம்மா தன் வலது கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார், யாரோ அப்போதுதான் எதையோ கழற்றிக்கொண்டு போனது போல. "உருவிட்டார். காதை உருவியிருக்கார். அதான் பட்டுச்சு."

முதலாளி கவுன்ட்டரில் ரசீதுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பை யார்கிட்ட இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"நான் கோவத்துல இருந்தேன். எனக்கு எங்க ஞாபகம்? வீட்டுக்கு வந்து மேசை மேல இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்." பிறகு மெதுவாக, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு நடந்திருக்கேன் பாரு நானு," என்றார்.

படத்தை என்ன செய்வது என்று கேட்டாள். வழிப்போக்கனை எடுத்துவிட்டால் பையை வைத்தாக வேண்டும். நிழல் இருப்பதால் அது பொய் இல்லை. ஆனால் என்ன நிறம், என்ன துணி என்று நிழல் சொல்லாது.

"பை கிழிஞ்சு போச்சு. துணி இருக்கு. திரைச்சீலை தச்சு மிஞ்சின துணி, இன்னும் ஒரு துண்டு கெடக்கு. ரெண்டு நாள் குடு. ஒரு காதக் குட்டையா வச்சே தச்சுக் கொண்டுவர்றேன்."

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் பின்னால், பெரிய பிரிண்டரின் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய முற்றத்தில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட பை. வெயில் படத்தில் இருந்த அதே சாய்வுக்கு வரும்வரை முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் எவ்ளோ நேரம்? கை விட்டுப்போச்சு. காலிப் பைதானே, ஏன் இப்படிக் கனக்குது?"

"காலி இல்ல," என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு மாதிரியே ரொப்பி இருக்கேன். அடியில புடைக்கணும்ல?"

"என் கையும் படத்துல வருமா?"

"உங்க கை வேணாம். அவர் கை இப்படி இருக்காது. அவரோடது உழைச்ச கை."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கையைப் படத்திலேயே எடுத்தாள். கணவருடைய இன்னொரு கை பின்னால் கம்பியைப் பிடித்திருந்தது. அதைத் தனியே நகலெடுத்து இடவலமாகத் திருப்பினால் பையின் காதைப் பிடித்த கையாகிவிட்டது. திருப்பியதில் வெளிச்சமும் திரும்பிவிட்டது. ஒரு பக்க ஒளியைத் தணித்து, மறுபக்கம் ஏற்றினாள். அந்த அம்மாவின் வலது கைக்கு, வெறுமனே தொங்கும் இடது கையே உதவியது. பழைய நிரப்பலின் லேயரை நிழல் இருந்த இடத்தில் மட்டும் மறைத்தாள். கீழே ஒன்பது வருஷமாகக் கிடந்த பை நிழல் எழுந்து வந்தது. வழிப்போக்கனுடைய நிழலை மட்டும், வெளிச்சக் கோடு வரை, சின்ன பிரஷ்ஷில், குளோன் ஸ்டாம்ப்பால் கல் கல்லாக மூடினாள். அந்தக் கோட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. எழுந்து வந்தபோது தெருவில் எல்லோரும் வரைந்து வைத்தவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். யாரையும் அழிக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சட்டம் போட்ட படத்தைக் கவுன்ட்டரில் சாய்த்து வைத்தார்கள். கடல், கம்பி, சாயங்காலம். இரண்டு பேர், நடுவில் ஒரு சாண் வெயில். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கும் ஒரு பெண், எங்கோ பார்க்கிற மாதிரி பார்க்கும் ஒரு மனிதர், அவர் கையில் ஒரு நீலப் பை.

அந்த அம்மா கிட்டே போய்ப் பார்த்தார், விலகிப் போய்ப் பார்த்தார். துணியின் மடிப்பைச் சரிபார்ப்பது போல ஓரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றார், படத்தைப் பார்த்து.

அவர் ரப்பரின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தண்ணி பாட்டில் இருந்துச்சு அதுல. குடை. அவர் மாத்திரை டப்பா. என்னோட கனமான செருப்பு வேற. மலை மாதிரி இருக்கும். நான் தூக்கினதால எனக்குத் தெரியும்."